கூரை ஒழுகல்: வாரன்டிப்படி சரிசெய்து தரக் கேட்டு

தக்கலை
2.6.2025

அன்புள்ள தம்பிக்கு,

போனில் மூன்று முறை பேசியும் காரியம் ஒரு முடிவுக்கு வராததால் எழுத்தில் எழுதுகிறேன். கோபத்தில் எழுதுவதாக நினைக்க வேண்டாம். பேச்சில் நான் ஒன்று சொல்ல, நீங்கள் ஒன்று புரிந்துகொள்ள, கடைசியில் ஒரு பையன் சிலிக்கான் டியூபோடு வந்து நிற்கிறான். அது திரும்ப நடக்கக் கூடாது என்பதுதான் காரணம்.

பிப்ரவரியில் எங்கள் வீட்டு ஓட்டுக் கூரையைப் பிரித்து, இரும்பு ட்ரஸ் அடித்து, கலர் ஷீட் போட்டுத் தந்தீர்கள். 1,150 சதுர அடி, சதுர அடிக்கு 240 ரூபாய், மொத்தம் 2,76,000 ரூபாய். முன்பணம் ஒரு லட்சம், ட்ரஸ் ஏறியதும் 1,26,000, வேலை முடிந்த அன்று மீதி 50,000. நீங்கள் கேட்ட அன்றே கொடுத்திருக்கிறேன், ஒரு நாள்கூடத் தள்ளவில்லை. "கொஞ்சம் பிடித்து வையுங்க, ஒரு மழை பார்த்துட்டுக் கொடுக்கலாம்" என்று மச்சினன் சொன்னான். அவன்தான் உங்களைக் கூட்டி வந்தவன், அவனே சொல்லியும் நான் கேட்கவில்லை. பில்லின் பின்பக்கம் உங்கள் கையெழுத்தில் இருப்பது இது: "வேலைக்கு 5 வருஷம் வாரன்டி. ஒழுகினால் இலவசமாகச் சரிசெய்து தரப்படும்."

இந்த வருஷம் மழை முந்திக்கொண்டது. மே 24-ஆம் தேதியே கேரளத்தில் பருவமழை தொடங்கிவிட்டது, அன்று ராத்திரியே நமக்கும் சாரலும் காற்றுமாக வந்து சேர்ந்தது. மழை பிடித்து இருபது நிமிஷம் இருக்கும், முன்னறையில் சொட்டுச் சத்தம். எழுந்து விளக்கைப் போட்டால் ஜிப்சம் சீலிங்கில் கிழக்கு ஓரமாகத் தட்டு அகலத்துக்கு ஒரு கறை. விடிவதற்குள் அது முறம் அளவு ஆகிவிட்டது. நடு அறையில் பாத்திக்குக் கீழே வாளி வைத்தோம், பாதி வாளி நிறைந்தது. அம்மா காலத்துப் பத்தாயம் அங்கேதான் இருக்கிறது. அதை நகர்த்த நாலு ஆள் வேண்டும், ராத்திரி ஒரு மணிக்கு யாரைக் கூப்பிட? மேலே சாக்கைப் போட்டு மூடிவிட்டு உட்கார்ந்திருந்தோம்.

மறுநாள் உங்களிடம் சொன்னபோது, "ஷீட் வியர்க்கும் அண்ணாச்சி, அந்தத் தண்ணிதான்" என்றீர்கள். ஷீட் வியர்ப்பது எனக்கும் தெரியும். அது விடியற்காலையில், வெளியே குளிர்ந்து உள்ளே புழுக்கமாக இருக்கும்போது, ஷீட்டின் அடியில் பரவலாக முத்து முத்தாகப் பூக்கும். மழை பிடித்த இருபதாவது நிமிஷம் ஒரே இடத்தில் தாரையாக ஊற்றாது. மழை நின்ற அரை மணியில் நிற்கவும் செய்யாது.

28-ஆம் தேதி நீங்கள் அனுப்பிய பையன் வந்தான். தூறல் நின்று பத்து நிமிஷம்கூட ஆகவில்லை, ஷீட்டில் தண்ணீர் வழிந்துகொண்டிருக்கிறது, அதன் மேலேயே சிலிக்கானைப் பிதுக்கி விரலால் தடவிவிட்டுப் போனான். ஈரத்தில் அது பிடிக்காது என்று கீழேயிருந்து சொன்னேன். "முதலாளி சொன்னது இதுதான்" என்றான். அவனைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. 30-ஆம் தேதி மழையில் அதே இடத்தில் ஒழுகியது, சிலிக்கான் பட்டையாக உரிந்து முற்றத்தில் கிடந்தது. எடுத்து வைத்திருக்கிறேன்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை நல்ல வெயில். பதினோரு மணிக்கு மகன் ஹோஸ் பைப்போடு மேலே ஏறினான், நான் உள்ளே சீலிங்கில் ஒரு பலகையைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தேன். கீழேயிருந்து மேலாகத்தான் தண்ணீர் விட்டோம், முகட்டிலிருந்து விட்டால் எது எங்கே நுழைகிறது என்று தெரியாதல்லவா. இறவானம் பக்கம் பதினைந்து நிமிஷம் விட்டோம், ஒரு சொட்டும் இல்லை. ஷீட்டின் நடுப்பகுதி, அங்கே ஸ்க்ரூ இருக்கும் சில இடங்களில் கசிவு. அப்புறம் கிழக்கே மாடி அறைச் சுவரும் ஷீட்டும் சேரும் இடத்தில் விட்டோம். ஆறாவது நிமிஷம் சுவர் வழியாக உள்ளே இறங்க ஆரம்பித்துவிட்டது. இரண்டு வீடியோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறேன், கடிகாரமும் அதில் தெரியும்.

பெரிய கோளாறு அந்தச் சுவர் ஓரம்தான். அது 1998-இல் கட்டிய கான்கிரீட் பகுதி, மாடிச் சுவர் மேற்கே பார்த்து நிற்கிறது. இந்த மழைக்காற்று மேற்கிலிருந்துதான் வருகிறது, சாரல் முழுக்க அந்தச் சுவரில் அடித்து வழிந்து, மொத்தமாக ஷீட்டும் சுவரும் சேரும் இடத்துக்கு வருகிறது. அங்கே நீங்கள் போட்டிருக்கும் ஃப்ளாஷிங் தகடு, பூச்சின் மேல் சும்மா ஒட்டி நாலு ஸ்க்ரூ அடித்து, மேல் விளிம்பில் சிலிக்கான் ஓட்டியது. பூச்சு வெயிலில் விரியும், தகடு அதைவிட அதிகம் விரியும், இரண்டுக்கும் நடுவில் சிலிக்கான் எத்தனை நாள் தாங்கும்? மார்ச், ஏப்ரல் வெயிலிலேயே விட்டுப்போயிருக்கிறது, மழை வந்த பிறகுதான் நமக்குத் தெரிந்தது. சுவரில் காடி வெட்டி, தகட்டின் மேல் விளிம்பை மடக்கி அதற்குள் சொருகி, கலவை வைத்து அடைக்க வேண்டும். அப்போதுதான் சுவரில் வழியும் தண்ணீர் தகட்டுக்கு மேலே விழும், பின்னால் போகாது. பிப்ரவரியில் இதை நான் கேட்டேன். "காடி வெட்டினால் சுவர் அதிரும், இதுவே போதும்" என்றீர்கள். உங்கள் தொழில் உங்களுக்குத் தெரியும் என்று விட்டுவிட்டேன்.

அடுத்தது பாத்தி. முன்வாசல் சரிவும் வீட்டுச் சரிவும் சேரும் இடத்தில், இரண்டு பக்க ஷீட்டும் பாத்திக்குள் அதிகமாக நீட்டிக்கொண்டிருக்கின்றன. நடுவில் நாலு விரல்கூட இடைவெளி இல்லை. பெருமழையில் தண்ணீர் ஓடப் போதாமல் ஏறி, ஷீட்டின் அடிவழியாக உள்ளே திரும்புகிறது. எங்கள் பலா மரத்து இலை அடைத்ததுதான் காரணம் என்றீர்கள். பாதி உண்மை, ஒப்புக்கொள்கிறேன். இலை கிடந்தது, அதை வாரியிருக்க வேண்டியது என் வேலை. ஆனால் வாரிச் சுத்தம் செய்த பிறகுதான் 30-ஆம் தேதி மழை பெய்தது, அப்போதும் ஒழுகியது. கையே நுழையாத பாத்தியில் இலை வாருவது எவ்வளவு பாடு என்பதையும் ஒரு முறை பாருங்கள்.

ஸ்க்ரூ விஷயம் சின்னது, ஆனால் எண்ணிக்கை கூடுதல். ஏணியில் ஏறி எட்டிய வரைக்கும் பார்த்ததில் 14 இடம். சிலவற்றில் மெஷினை விட்டு அளவுக்கு மேல் முறுக்கி ரப்பர் வாஷர் பிதுங்கிப் பிளந்திருக்கிறது, சில சாய்ந்து ஏறியிருக்கின்றன. இரண்டு இடத்தில் குறுக்குக் குழாயில் படாமல் தவறிப்போய், பக்கத்தில் வேறு ஸ்க்ரூ அடித்துவிட்டுப் பழைய ஓட்டையைச் சிலிக்கானால் மூடியிருக்கிறார்கள். கிரைண்டரில் அறுத்த இரும்புத் தூளையும் ஷீட்டிலேயே விட்டுப் போயிருக்கிறார்கள். அது இப்போது துரு பிடித்துப் புள்ளி புள்ளியாகத் தெரிகிறது. ஷீட் கம்பெனியிடம் கேட்கச் சொன்னீர்களே, அவர்கள் தரும் வாரன்டி பெயின்ட் உரிவதற்கும் ஷீட் துருப்பிடிப்பதற்கும்தான். பொருத்திய விதத்தால் வரும் ஒழுகலுக்கு அவர்கள் பொறுப்பேற்க மாட்டார்கள். அறுத்த தூளால் வந்த துருவைக் காட்டினால் அதற்கும் கை விரித்துவிடுவார்கள்.

இனி நான் கேட்பது. கிழக்குச் சுவரில் இப்போதுள்ள ஃப்ளாஷிங்கை எடுத்துவிட்டு, காடி வெட்டிப் புதிதாகப் போட்டுத் தர வேண்டும். பாத்திக்குள் நீட்டியிருக்கும் ஷீட்டை இரண்டு பக்கமும் வெட்டிக் குறைக்க வேண்டும், அந்தத் தடவையாவது கிரைண்டர் வேண்டாம், கத்திரி போதும். கெட்டுப்போன ஸ்க்ரூக்களைக் கழற்றி ஒரு சைஸ் பெரியதாக, புது வாஷரோடு போட வேண்டும். முகடுவரை ஆள் ஏறி மற்றவற்றையும் பார்க்க வேண்டும். சீலிங்கில் ஊறிப்போன இரண்டு பலகையையும் மாற்றித் தர வேண்டும். பெயின்ட் செலவை நான் பார்த்துக்கொள்கிறேன். எல்லாம் முடிந்ததும் நீங்கள் இருக்கும்போதே அரை மணி நேரம் ஹோஸில் தண்ணீர் விட்டுப் பார்ப்போம். மறுபடியும் சிலிக்கான் மட்டும் தடவுவதாக இருந்தால் ஆளை அனுப்ப வேண்டாம்.

முன்னறை ஃபேனுக்கு மேலேயும் ஈரம் இறங்கியிருப்பதால் அந்த லைனை ஆஃப் செய்து வைத்திருக்கிறோம். பேத்தி அந்த அறையில்தான் படுப்பாள், இப்போது எல்லோரும் ஒரே அறையில் கிடக்கிறோம். அதனால் ரொம்ப நாள் காத்திருக்க முடியாது. ஜூன் 9, திங்கட்கிழமைக்குள் நீங்களே நேரில் வந்து பாருங்கள். மழை இடைவெளி விடும்போதுதான் வேலை செய்ய முடியும் என்பது தெரியும், ஆகவே 20-ஆம் தேதி வரை பொறுக்கிறேன். அதுவரை சுவர் ஓரத்தை மூட ஒரு தார்ப்பாய் மட்டும் இந்த வாரமே கட்டித் தாருங்கள்.

ஒன்றை எழுத மனமில்லாமல்தான் எழுதுகிறேன். 20-ஆம் தேதி தாண்டியும் ஒன்றும் நடக்கவில்லை என்றால், வேறு ஆளை வைத்துச் சரிசெய்துவிட்டு, அந்தச் செலவுக்காக நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். பில், உங்கள் கையெழுத்து, போட்டோ, வீடியோ எல்லாம் இருக்கின்றன. ஐந்து லட்சத்துக்கு உட்பட்ட வழக்குக்குக் கட்டணமும் கிடையாது. மச்சினன் முகத்துக்காகவாவது அந்த வழிக்குப் போகாமல் முடிய வேண்டும் என்றுதான் விரும்புகிறேன். ட்ரஸ் வேலையில் ஒரு குறையும் சொல்ல மாட்டேன், வெல்டிங் நேர்த்தியாக இருக்கிறது, வீட்டுக்கு வருகிறவர்கள் கேட்கத்தான் செய்கிறார்கள். பழைய ஓட்டுக் கூரை ஒழுகினால் ஒரு ஓட்டை மாற்றினால் முடிந்தது, அதை எண்ணித்தான் வீட்டில் என்னைத் தினமும் ஏசுகிறார்கள்.

பில்லின் இரண்டு பக்க நகலும், ஒன்பது போட்டோவும் இத்துடன் வைத்திருக்கிறேன். வருகிற நாளை முந்தின ராத்திரியே சொல்லிவிடுங்கள், நான் வீட்டில் இருப்பேன். பெரிய ஏணி பக்கத்து வீட்டில் இருக்கிறது, வாங்கி வைத்துவிடுகிறேன். மேலே ஏறுகிறவர்கள் ஸ்க்ரூ வரிசை மேலேயே கால் வைத்து நடக்கட்டும். போன தடவை நடுவில் மிதித்ததில் இரண்டு இடம் அமுங்கியிருக்கிறது.

இப்படிக்கு,
செல்லையா
(அம்மன் கோவில் தெரு, பலா மர வீடு)