தே தாரிக் இழுக்கும் அண்ணன்: களிமண் ஸ்டாப் மோஷன் ப்ராம்ட்

8 வினாடி வீடியோ, நெட்டுவாக்கில் 9:16. கையால் பிசைந்த களிமண் பொம்மையைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திப் படம் பிடித்த தோற்றம். கணினியில் வழவழப்பாக உருவாக்கிய 3டி பொம்மை போல எங்கேயும் தெரியக் கூடாது.

இடம்: சிங்கப்பூர் தேக்கா நிலையத்தின் உணவங்காடியில் ஒரு தேநீர்க் கடை. கடை அட்டையால் ஆனது, வெட்டிய ஓரங்கள் லேசாகப் பிசிறியிருக்கும். பெயர்ப்பலகையில் எழுத்து வேண்டாம் (தமிழ் எழுத்தைக் கொடுத்தால் ஏஐ எப்படியும் உடைத்துப் போடும்). ஒரு கண்ணாடிக் குவளையின் உருவம் மட்டும் புடைப்பாக இருந்தால் போதும்.

ஆள்: ஐம்பது வயதைத் தாண்டிய அண்ணன். வெள்ளைக் கைபனியன், கட்டம் போட்ட கைலி, தோளில் துண்டு. கைலியின் கட்டங்கள் வண்ணம் தீட்டியவை அல்ல, மெல்லிய களிமண் பட்டைகளை ஒன்றின் மேல் ஒன்றாக அழுத்தியவை. ஓரங்கள் சற்றே தூக்கி நிற்கும். மீசையில் பல்குச்சியால் கீறிய கோடுகள். கண்கள் கறுப்பு மணிகள். கைக்கு நாலு விரல் போதும்.

கைரேகைதான் இதில் முக்கியம். பொம்மையின் உயரம் சுமார் 20 செ.மீ. அதனால் ஒரு கட்டைவிரல் ரேகை கன்னம் முழுவதையும் மூட வேண்டும். ரேகைகள் பொடிப்பொடியாக இருந்தால் பொம்மை பெரிதாகத் தெரிந்து, மேசைமேல் வைத்துச் செய்த உணர்வே போய்விடும். ஒவ்வொரு அசைவிலும் ரேகைகள் கொஞ்சம் இடம் மாறட்டும், தோல் மெல்ல நெளிவது போல. கழுத்தில் இணைப்பு தெரியட்டும், தேய்த்து மறைக்க வேண்டாம்.

அசைவு: வினாடிக்கு 24 பிரேம், ஒவ்வொரு நிலையும் 2 பிரேம் நிற்கும். அசைவு மங்கல் கூடாது. முதலில் அண்ணன் தகரக் குவளையைத் தலைக்கு மேல் தூக்குகிறார். அப்புறம் தேநீர் இறங்குகிறது: உள்ளங்கையில் உருட்டிய பழுப்புக் களிமண் கயிறு, ஓரிடத்தில் தடித்து ஓரிடத்தில் மெலிந்து. ஒவ்வொரு நிலைக்கும் வேறு கயிறு என்பதால் அது நடுங்கிக்கொண்டே இருக்கும். நுரை, கடுகளவு வெள்ளை உருண்டைகள். ஆவிக்குப் பிய்த்த பஞ்சு. கடைசி 2 வினாடியில் குவளையை மேசையில் வைத்துவிட்டு, கேமராவைப் பார்த்து ஒரு புருவத்தை உயர்த்துகிறார். வாய் அசைய வேண்டாம்.

ஒளி: இடப்பக்கம் மேலே பெரிய சாஃப்ட்பாக்ஸ், வலப்பக்கம் வெள்ளை அட்டையில் பட்டுத் திரும்பும் வெளிச்சம். நிழலின் ஓரம் கரைந்திருக்க வேண்டும், ஆனால் ரேகைப் பள்ளங்கள் தெரியும் அளவுக்குச் சாய்வான ஒளி. களிமண் பளபளப்பில்லாமல் இருக்கும். மூக்கு நுனியில் மட்டும் லேசான எண்ணெய்ப் பளபளப்பு. மேக்ரோ லென்ஸ், பின்னணி மங்கல். கேமரா நகரக் கூடாது.

ஒலி: தகரக் குவளை மோதும் சத்தம், தூரத்தில் கடைக்காரர்களின் இரைச்சல். இசை வேண்டாம்.

தவிர்க்க: பிளாஸ்டிக் பளபளப்பு, நிஜ மனிதத் தோல், நிஜத் திரவம், உச்சிவெயில், வழுக்கும் அசைவு, எந்த மொழி எழுத்தும்.