குவாண்டம் கணினி எல்லா விடைகளையும் ஒரே நேரத்தில் முயல்கிறதா? சீட்டில் வந்த கேள்விகளும் பதில்களும்

போன வெள்ளிக்கிழமை பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களிடம் குவாண்டம் கணினி பற்றிப் பேசினேன். அதற்குள் மணி அடித்துவிட்டதால், கேள்விகளைச் சீட்டில் எழுதி வாங்கிக்கொண்டேன். பாதிக்கு மேல் ஒரே சந்தேகம்தான்: குவாண்டம் கணினி எல்லா விடைகளையும் ஒரே நேரத்தில் முயன்று, சரியானதை எடுத்துவிடும் அல்லவா? நாளிதழ்களும் காணொளிகளும் அதை அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருக்கின்றன. அதனால் உங்கள் மேல் தவறில்லை.

நான்கு இலக்க பின் எண்ணில் 10,000 வாய்ப்புகள். குவாண்டம் கணினியின் அடிப்படை அலகான கியூபிட் 14 இருந்தால் அத்தனையையும் ஒரே நேரத்தில் வைத்து, சரியான எண்ணை எடுத்துவிடலாமே சார்?

வைக்கலாம். ஒவ்வோர் எண்ணுக்கும் பக்கத்தில் ‘சரி’, ‘தவறு’ என்று ஒரே கணக்கில் குறித்தும் விடலாம். அதுவரை நீங்கள் சொல்வது உண்மை. சிக்கல் விடையைப் படிக்கும்போதுதான் வருகிறது. கியூபிட்களை அளந்தால் ஒரே ஓர் எண்தான் வெளியே வரும், மற்றதெல்லாம் போய்விடும். பத்தாயிரமும் சம பங்கில் இருந்தால், கிடைப்பது ஏதோ ஓர் எண்ணும், பக்கத்தில் பெரும்பாலும் ‘தவறு’ என்ற குறிப்பும். பானைக்குள் கைவிட்டுக் குலுக்கல் சீட்டு எடுப்பதற்கும் இதற்கும் வித்தியாசம் இல்லை.

அளப்பதற்கு முன் பல நகல்கள் எடுத்துக்கொண்டால்?

முடியாது. முன்பின் தெரியாத ஒரு குவாண்டம் நிலையை அப்படியே நகலெடுக்க முடியாது என்று 1982-இலேயே நிரூபித்துவிட்டார்கள். கணக்கை முதலிலிருந்து மறுபடி ஓட்டலாம், ஆனால் ஒவ்வொரு முறையும் அதே குலுக்கல்தான்.

அப்படியானால் குவாண்டம் கணினியால் என்ன பயன்?

இந்தச் சீட்டை எழுதியவரைத்தான் நான் தேடிக்கொண்டிருந்தேன். இரட்டைப் பிளவு ஆய்வு நினைவிருக்கிறதா? இரண்டு அலைகள் சேர்ந்து சில இடங்களில் ஒளி கூடும், சில இடங்களில் இருட்டாகும். இங்கேயும் அதேதான். ஒவ்வொரு விடைக்கும் ஒரு வீச்சு உண்டு. அது எதிர்க்குறியிலும் இருக்கலாம். அந்த விடை கிடைக்கும் நிகழ்தகவு, வீச்சின் வர்க்கம்.

நான்கு பெட்டி, ஒன்றில் மட்டும் சாவி என்று வையுங்கள். தொடக்கத்தில் நான்குக்கும் வீச்சு 1/2, நிகழ்தகவு 1/4. முதல் வேலை, சாவி உள்ள பெட்டியின் குறியை மட்டும் மாற்றுவது. அது −1/2 ஆகிறது. இப்போது அளந்தாலும் பயனில்லை, வர்க்கம் அதே 1/4. இரண்டாவது வேலை, எல்லா வீச்சையும் சராசரிக்கு மறுபக்கம் திருப்புவது. சராசரி 1/4. மற்ற மூன்றும் சராசரிக்கு 1/4 மேலே இருந்தன, 1/4 கீழே போய் 0 ஆகின்றன. சாவிப் பெட்டி 3/4 கீழே இருந்தது, 3/4 மேலே ஏறி 1 ஆகிறது. ஒரே சுற்றில் விடை உறுதி! தாளில் போட்டுப் பாருங்கள், ஐந்து நிமிடம் போதும். 1996-இல் லவ் குரோவர் கண்டுபிடித்த வழிமுறை இது. தவறான விடைகள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு காணாமல் போகும்படி ஏற்பாடு செய்வதுதான் இதில் உள்ள வேலை.

இன்னொரு சுற்று ஓட்டினால் இன்னும் உறுதியாகுமா?

அதே நான்கு பெட்டியில் செய்து பாருங்கள். சாவியின் வீச்சு −1 ஆகும், சராசரி −1/4, திருப்பியதும் சாவிக்கு 1/2, மற்ற மூன்றுக்கும் −1/2. நிகழ்தகவு மறுபடி 1/4! ‘எல்லாவற்றையும் முயல்கிறது’ என்ற விளக்கத்தில் இது ஏன் நடக்கிறது என்று சொல்லவே முடியாது. பத்தாயிரம் எண்களுக்குச் சுமார் 78 சுற்று வேண்டும், சரியான இடத்தில் நிறுத்தவும் வேண்டும்.

இதைவிடச் சாமர்த்தியமான வழியை யாராவது பிறகு கண்டுபிடிக்கலாம் அல்லவா?

வெறும் தேடலுக்கு வழியில்லை. பென்னட், பெர்ன்ஸ்டைன், பிரசார்ட், வசிராணி நால்வரும் 1997-இல் வெளியிட்ட கட்டுரை இதைக் காட்டியது. N வாய்ப்புகளில் எந்த ஒழுங்கும் இல்லையென்றால், √N அளவுக்குக் குறையாமல் சுற்ற வேண்டும்.

ஆனால் இணையத்தில் ரகசியங்களைப் பூட்டும் ஆர்எஸ்ஏ குறியீட்டை உடைத்துவிடும் என்கிறார்களே?

அதை உடைக்க ஒரு பெரிய எண்ணின் காரணிகளைக் கண்டுபிடிக்க வேண்டும், அங்கே ஒழுங்கு இருக்கிறது. 7-இன் அடுக்குகளை 15-ஆல் வகுத்து மீதியைப் பாருங்கள்: 7, 4, 13, 1, மறுபடி 7, 4, 13, 1. நான்குக்கு ஒருமுறை திரும்புகிறது. அதில் பாதி 2. 7²-இன் மீதி 4. 4−1, 4+1 என்றால் 3, 5. 15-இன் காரணிகள் கிடைத்துவிட்டன. பெரிய எண்ணில் அந்தத் திரும்பும் இடைவெளியைக் கண்டுபிடிப்பது சாதாரணக் கணினிக்கு மலை. 1994-இல் பீட்டர் ஷோர் காட்டியது, அலைகளைச் சேர்த்து அந்த இடைவெளியை மட்டும் மேலே கொண்டுவரலாம் என்பதை. காரணிகளை ஒவ்வொன்றாக முயல்வது அதில் எங்குமே இல்லை.

நம் பள்ளியின் கால அட்டவணையைப் போட்டுத் தருமா?

இந்த வகைக் கணக்குகளை எல்லாம் வேகமாகத் தீர்க்கும் குவாண்டம் வழிமுறை இதுவரை இல்லை. 2¹⁰⁰ சாத்தியமான அட்டவணைகளில் ஒன்று மட்டும் சரி என்று வைத்து, குரோவர் வழியில் தேடினால் சுமார் 880 லட்சம் கோடி சுற்று. ஒரு சுற்றுக்கு ஒரு மைக்ரோ வினாடி என்றாலும் 28 ஆண்டு ஆகும்.