ஐந்து மார்க்

தேற 66 வேண்டும், எனக்கு வந்தது 61. மின்னஞ்சல் வந்தபோது பாயான் லெப்பாஸில் நாசி கண்டார் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். குழம்பு ஒட்டிய விரலை விட்டுவிட்டு இடது கையால் போனைத் தள்ளித் தள்ளிப் படித்தேன்.

சிகேஏ, அதாவது பல சர்வர்களில் ஓடுகிற புரோகிராம்களைக் கட்டி மேய்க்கும் குபர்நெட்டிஸ் என்ற மென்பொருளின் நிர்வாகத் தேர்வு. ஏ, பி, சி, டி என்று டிக் அடிக்கிற தேர்வு இல்லை; இரண்டு மணி நேரம், டெர்மினல், நிஜ கிளஸ்டர், செய்து காட்ட வேண்டும். சர்வர் வேலைதான் எனக்குப் பதினேழு வருடமாகச் சோறு போடுகிறது. இரவு 2 மணிக்குச் சர்வர் படுத்தால் எழுப்புவது என்னைத்தான். அதனால்தான் தேர்வுக்கு முன்பே ஆபீசிலும் கோவிலிலும் ஊதி வைத்திருந்தேன்.

ஒரு வருடத்துக்குள் இன்னொரு தடவை இலவசமாக எழுதலாம். ஆக, காசு பிரச்சினையே இல்லை. முதல் தடவை தோற்றால் பதற்றம், நெட் மெதுவாக இருந்தது என்று ஏதாவது சொல்லிக்கொள்ளலாம். இரண்டாவது தடவைக்கு என்ன சொல்வது? 43 வயதில் இது யாருக்கு வேண்டும் என்று மூன்று வாரம் தள்ளிப்போட்டேன்.

எந்தக் கேள்வியில் போனது என்றும் சொல்ல மாட்டார்கள், மொத்த மார்க் மட்டும்தான். அப்புறம் ஒரு நாள் ஆபீசில் ஜூனியர் பெண் பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்தபோது, எதையும் தொடுவதற்கு முன், கிளஸ்டரின் எந்தப் பிரிவில், அதாவது எந்த நேம்ஸ்பேஸில், வேலை என்று சொல்லிவிட அவள் இதை அடித்தாள்:

```
kubectl config set-context --current --namespace=payments
```

"எதுக்கும்மா ஒவ்வொரு தடவையும்?"

"மறந்துடுவேன் அண்ணே. அதான் முதல்லயே."

எனக்கு மறக்காது, ஏனென்றால் என் லேப்டாப் பிராம்ப்டிலேயே நேம்ஸ்பேஸ் பெயர் மஞ்சள் நிறத்தில் தெரியும், எப்போதோ நானே செய்து வைத்தது. தேர்வு டெர்மினலில் அது கிடையாது. அங்கே குறைந்தது இரண்டு கேள்விக்காவது எல்லாவற்றையும் சரியாகச் செய்து, கேட்ட நேம்ஸ்பேஸை விட்டுவிட்டு, எதுவும் சொல்லாவிட்டால் தானாகப் போய் விழும் `default`-இல் போட்டுவிட்டு வந்திருக்கிறேன். பக்கத்து வீட்டுக்குப் போய்ச் சமைத்து வைத்த மாதிரி!

அன்று இரவு பட்டர்வொர்த் திரும்பியதும் ஒரு காரியம் செய்தேன், என் டெர்மினல் அமைப்புகள் எல்லாம் இருக்கும் கோப்பை ஓரங்கட்டினேன்:

```
mv ~/.bashrc ~/.bashrc.old
```

குறுக்கு வழி, வண்ணம் எதுவும் இல்லாமல் ஒரு வாரம் வேலை பார்த்தேன். அசிங்கமாக இருந்தது. நேம்ஸ்பேஸைச் சொல்லும் `-n` மறந்து முதல் நாள் மட்டும் ஒன்பது தடவை திட்டு வாங்கினேன், என்னிடமே. வெள்ளிக்கிழமை ஒரு தடவை.

சனிக்கிழமை தேதி போட்டேன். இந்த முறை மனைவியைத் தவிர யாருக்கும் தெரியாது. சுவரில் எழுத்துள்ள காகிதம் எதுவும் இருக்கக் கூடாது என்று போன தடவை அறையையே காலி செய்திருந்தேன், அது அவளுக்கு ஞாபகம் இருக்கிறது.

"தினசரி காலண்டரை மறுபடி கழட்டணுமாங்க?"

"கழட்டணும்."

"போன தடவை கழட்டுன ஆணியே இன்னும் ஆடுது, அதையும் சேர்த்து அடிச்சுக் கொடுங்க."