பணம் அனுப்பிய விவரம்: பில் 118, 121, 126

ஐயா, வணக்கம்.

ஆம்பூர் யூனிட்டுக்கு நீங்கள் தந்த அட்டைப்பெட்டிகளுக்காக, 12.09.2025 அன்று NEFT மூலம் ₹2,46,500 ஒரே தொகையாக அனுப்பியிருக்கிறோம். ஜிஎஸ்டி சேர்த்து வரவு வைக்க வேண்டியது:

பில் 118: ₹92,000, முழுசாகத் தீர்ந்தது
பில் 121: ₹84,500, முழுசாகத் தீர்ந்தது
பில் 126: ₹1,10,000-இல் ₹70,000 மட்டும்

126-இல் பாக்கி ₹40,000. அதில் மழையில் நனைந்து வந்து, நாங்கள் திருப்பி அனுப்பிய பெட்டிகளின் மதிப்பு ₹6,000. அதற்குக் கிரெடிட் நோட் தந்ததும் மீதி ₹34,000 அனுப்பிவிடுகிறோம். தயவுசெய்து இந்த ₹6,000-ஐ பில் 131-இல் கழிக்க வேண்டாம். போன முறை அப்படிக் கலந்து இருவருக்குமே கணக்கு குழம்பியது.

பில் 131, ₹58,200, அப்படியே நிற்கிறது, தவணை 25.09.2025. இன்றைய மொத்தப் பாக்கி ₹98,200. உங்கள் லெட்ஜரில் வேறு தொகை இருந்தால் உடனே சொல்லுங்கள்.

கணக்குப் பிரிவு, வேலூர்