நங்கநல்லூர் இரண்டு படுக்கையறைக் குடியிருப்பு: ஒப்பீட்டுச் சந்தை மதிப்பு அறிக்கை

நாள்: 12.6.2025

மதிப்பிற்குரிய அம்மா,

நங்கநல்லூரில் தங்கள் மூன்றாம் தளக் குடியிருப்பை நேரில் பார்வையிட்டு, அதே வட்டாரத்தில் கடந்த நவம்பர் முதல் கைமாறிய வீடுகளோடு ஒப்பிட்டு இந்த அறிக்கையைத் தயாரித்துள்ளேன். தங்கள் வீடு 980 சதுர அடி. பிரிபடாத நிலப் பங்கு 510 சதுர அடி. கட்டடத்தின் வயது 14 ஆண்டுகள். லிப்டும் மூடிய கார் நிறுத்தமும் உள்ளன, ஜெனரேட்டர் இல்லை.

வில்லங்கச் சான்றில் காணப்படும் தொகை பல நேரங்களில் வழிகாட்டி மதிப்பை ஒட்டியே நின்றுவிடுவதால், விலை எனக்கு நேரடியாகத் தெரிந்த மூன்று விற்பனைகளை மட்டுமே எடுத்துக்கொண்டேன்.

பிப்ரவரியில் 1,010 சதுர அடி வீடு ஒன்று 86 லட்சத்துக்கு, அதாவது சதுர அடி 8,515 ரூபாய்க்கு விற்றது. அது தங்கள் வீட்டைவிட இரண்டு ஆண்டுகள் புதியது, ஜெனரேட்டரும் உண்டு; அவற்றுக்காக 250 ரூபாய் கழித்தால் 8,265 வருகிறது. நவம்பரில் 76.5 லட்சத்துக்குப் போன 960 சதுர அடி வீடு (சதுர அடி 7,969) லிப்ட் இல்லாத, 16 ஆண்டு பழைய கட்டடத்தில் உள்ளது. 400 ரூபாய் கூட்டினால் 8,369. ஏப்ரலில் 94.5 லட்சத்துக்கு விற்ற 1,050 சதுர அடி வீட்டுக்குச் சதுர அடி 9,000 கிடைத்தது என்றாலும், ஒன்பது ஆண்டே ஆன அந்தக் கட்டடத்தில் நிலப் பங்கு 600 சதுர அடி என்பதால் 550 ரூபாய் கழித்து 8,450 எனக் கொண்டேன். பழைய கட்டடத்தில் வாங்குபவர் முதலில் கேட்பது நிலப் பங்கைத்தான்.

இவற்றின்படி தங்கள் வீட்டின் மதிப்பு 81 லட்சத்துக்கும் 82.8 லட்சத்துக்கும் இடையில் அமைகிறது.

தாங்கள் மனத்தில் வைத்திருக்கும் 98 லட்சம், அடுத்த தெருவில் விளம்பரத்தில் உள்ள வீட்டின் கேட்பு விலை. அந்த வீடு ஏழு மாதங்களாக விற்கவில்லை. கேட்கப்படும் விலையை விற்ற விலையாகக் கொள்ள முடியாது. வாங்குபவர் விலைக்கு மேல் முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமுமாக 9 சதவீதம் கட்ட வேண்டும். வங்கியோ தன் மதிப்பீட்டாளர் சொல்லும் தொகையை வைத்தே கடன் தரும் என்பதால், சந்தையை மீறிய விலைக்கு வாங்குபவர் கையிலிருந்து போட வேண்டிய பணம் கூடிவிடுகிறது. அட்வான்ஸ் பேச வந்தவர்கள் பின்வாங்குவது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான்.

ஆகவே 84.5 லட்சத்துக்கு விளம்பரம் செய்து, பேரம் பேச இடம் விட்டு, 81 லட்சத்துக்குக் கீழே இறங்காமல் இருக்கப் பரிந்துரைக்கிறேன். 45 நாட்களில் தகுந்த கேட்பு வராவிட்டால் 82.9 லட்சமாகக் குறைக்கலாம்.

பின்பக்கப் படுக்கையறையில், குளியலறையை ஒட்டிய சுவரில் பெயின்ட் உப்பி உதிர்கிறது. பார்க்க வருபவர்கள் அதைக் கையால் தடவிப் பார்த்துவிட்டே விலை பேசுவார்கள். புகைப்படம் எடுக்கும் முன் கசிவைச் சரிசெய்துவிடுவது மிக அவசியம். மூலப் பத்திரம், அங்கீகரிக்கப்பட்ட வரைபடம், சொத்துவரி ரசீது ஆகியவற்றின் நகல்களையும் தயாராக வைத்திருங்கள்.

இப்படிக்கு,
தங்கள் சொத்து முகவர்