விமானப் பயணத்தில் சேதமடைந்த மின்சக்கர நாற்காலி: பழுதுநீக்கம் அல்லது மாற்று நாற்காலிக்கான செலவும் எழுத்துமூல மன்னிப்பும் கோரி

நாள்: 6 மார்ச் 2026

அனுப்புநர்: 3 மார்ச் 2026 பன்னாட்டு விமானத்தில் 8டி இருக்கையில் பயணித்தவர், நாற்காலியின் உரிமையாளர் (முன்பதிவு எண், பேக்கேஜ் டேக் எண், தொடர்பு விவரம்: இணைப்பு 1)

பெறுநர்: மேலாளர், பயணிகள் குறைதீர்ப்புப் பிரிவு
நகல்: மாற்றுத்திறன் பயணிகள் சேவைப் பொறுப்பாளர்

ஐயா / அம்மையீர்,

மேற்படி விமானத்தில் ஏற்றுவதற்காக என் மின்சக்கர நாற்காலியை விமான வாசலில் காலை 6.42க்கு உங்கள் ஊழியர்களிடம் ஒப்படைத்தேன். அதுவரை அதை நானே ஓட்டி வந்தேன். இறங்கிய இடத்தில் பகல் 12.20க்கு என்னிடம் கொண்டுவந்தபோது அது ஓடவில்லை. அன்றே விமான நிலைய உடைமைக் கவுண்டரில் சேத அறிக்கை பதிவு செய்தேன் (இணைப்பு 2). மான்ட்ரியல் உடன்படிக்கையின் 31ஆம் பிரிவு, பதிவு செய்த உடைமைக்கு ஏற்பட்ட சேதத்தை ஏழு நாட்களுக்குள் எழுத்தில் தெரிவிக்கச் சொல்கிறது. இது மூன்றாம் நாள்.

சேதம்

ஜாய்ஸ்டிக்கைத் தாங்கும் கம்பி உள்நோக்கி வளைந்துள்ளது. அதிலிருந்து கன்ட்ரோலருக்குச் செல்லும் கேபிள் நசுங்கி, கனெக்டரின் இரண்டு பின்கள் மடங்கியுள்ளன. ஜாய்ஸ்டிக் தண்டு நடுநிலைக்குத் திரும்புவதில்லை. ஆன் செய்யும்போது தண்டு நடுவில் இல்லையென்றால் கன்ட்ரோலர் பாதுகாப்புக்காக ஓட்டத்தைத் தடுத்துவிடும். எனவே பேட்டரி முழு சார்ஜில் இருந்தும் நாற்காலி நகரவில்லை.

இடது மோட்டாரின் ஃப்ரீவீல் நெம்புகோல் உடைந்துள்ளது. இடது பின் டயரில் ஒரே இடத்தில் தட்டையாகத் தேய்ந்திருக்கிறது. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் நடந்தது புரியும். நெம்புகோலை விடுவிக்காதவரை மின்காந்த பிரேக் சக்கரத்தைப் பூட்டியே வைத்திருக்கும். அந்த நிலையில் 118 கிலோ நாற்காலியைத் தரையில் இழுத்திருக்கிறார்கள். கியர்பாக்ஸிலிருந்து இப்போது அரைபடும் ஓசை வருகிறது.

வலது முன் காஸ்டர் ஃபோர்க் வளைந்து, அடிச்சட்டத்தின் வலது முன்மூலை 11 மி.மீ. கீழிறங்கியுள்ளது. அங்குள்ள வெல்டிங்கில் மயிரிழை விரிசல் இருக்கிறது. வலது கைப்பிடியிலும் முதுகுக் குழாயிலும் ஒரே திசையில் நீளமான சிராய்ப்புகள். நாற்காலியைப் பக்கவாட்டில் சாய்த்து ஏற்றியதைத் தவிர இதற்கு வேறு விளக்கம் எனக்குத் தெரியவில்லை, சேதத்தைப் பரிசோதித்த தொழில்நுட்பருக்கும் தெரியவில்லை (இணைப்பு 3).

பயணத்துக்கு 48 மணி நேரம் முன்பே நாற்காலியின் எடை, மடித்த உயரம் 84 செ.மீ., பேட்டரி வகை (கசியாத ஜெல், 12 வோல்ட், இரண்டு) எல்லாம் உங்களுக்குத் தெரிவிக்கப்பட்டு, ஏற்றுக்கொள்ளப்பட்டன. நெம்புகோலை எப்படித் திருப்புவது, எந்த நான்கு இடங்களில் பிடித்துத் தூக்கலாம், கைப்பிடியில் ஏன் தூக்கக்கூடாது, நிமிர்த்தியே வைக்க வேண்டும் என்பதெல்லாம் படத்துடன் அச்சிட்ட அட்டையாக முதுகுப்பகுதியில் கட்டப்பட்டிருந்தது. அட்டை கிழியாமல் திரும்பி வந்தது. படித்தவர் யாரும் இல்லை போலும்.

பொறுப்பு

உடன்படிக்கையின் 17(2)ஆம் பிரிவுப்படி, பதிவு செய்த உடைமை உங்கள் பொறுப்பில் இருந்தபோது சேதமடைந்தால் நீங்களே பொறுப்பு. கவனக்குறைவை நான் நிரூபிக்கத் தேவையில்லை. பொருளின் உள்ளார்ந்த குறையால் வந்த சேதம் மட்டுமே விலக்கு. அப்படியொரு வாதத்துக்கு இடமில்லை. பிப்ரவரி 24 அன்று முழுப் பராமரிப்பு முடிந்து, குறையில்லை என்று சான்று பெறப்பட்டது (இணைப்பு 4). ஒப்படைக்கும் நொடியில் எடுத்த ஏழு படங்கள் நேரக்குறியுடன் இணைப்பு 5இல் உள்ளன. ஏற்றி இறக்கியது ஒப்பந்த நிறுவனம் என்ற பதிலையும் ஏற்க இயலாது. உங்களுக்காக வேலை செய்தவர்களுக்கு நீங்களே பொறுப்பு.

செக்-இன் கவுண்டரில், சேதத்துக்கு நிறுவனம் பொறுப்பல்ல என்று அச்சிட்ட டேக்கில் கையெழுத்து வாங்கினார்கள். பொறுப்பிலிருந்து விடுவிக்கும் அத்தகைய நிபந்தனை 26ஆம் பிரிவின்படி செல்லாது. அதைக் காட்டிக் கோரிக்கையை மறுக்க வேண்டாம்.

உடைமைக்கான பொது உச்சவரம்பு, 28 டிசம்பர் 2024 முதல், ஒரு பயணிக்கு 1,519 சிறப்பு எடுப்புரிமை அலகுகள். இந்த நாற்காலிக்கு அது பொருந்தாது. ஒப்படைக்கும்போதே 9,200 டாலர் மதிப்பைக் குறிப்பிட்டு 22(2)ஆம் பிரிவின்கீழ் சிறப்பு அறிவிப்பு கொடுத்தேன். உங்கள் ஊழியர் கூடுதல் கட்டணம் எதுவும் கேட்காமல் முத்திரையிட்டு ஏற்றார் (இணைப்பு 6). எனவே வரம்பு, அறிவித்த அந்தத் தொகைதான்.

கோரிக்கை

உற்பத்தியாளரின் அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் மையம் தந்த மதிப்பீடு (இணைப்பு 7), டாலரில்:

ஜாய்ஸ்டிக், தாங்கி, கேபிள் – 1,140
காஸ்டர் ஃபோர்க், சக்கரம், பேரிங் – 265
இடது மோட்டார், கியர்பாக்ஸ் – 980
அடிச்சட்டம் – 1,650
கைப்பிடி, முதுகுக் குழாய் – 310
வேலைக்கூலி – 540
மொத்தம் – 4,885

அடிச்சட்டத்தை நிமிர்த்தி வெல்டிங் செய்தால் செலவு குறையும் என்று உங்கள் தரப்பில் தொலைபேசியில் சொன்னார்கள். இந்த நாற்காலி வாகன இருக்கையாகப் பயன்பட ஐ.எஸ்.ஓ. 7176-19 தரப்படி மோதல் சோதனை செய்யப்பட்ட வகை. வேனில் கட்டும் கொக்கிகள் அந்தச் சட்டத்தில்தான் இருக்கின்றன. ஒருமுறை வளைந்து விரிசல் விட்ட சட்டத்தை நிமிர்த்தினால் அந்தச் சோதனையின் பலன் போய்விடும். புதிய சட்டம்தான் வேண்டும். அது 30 நாட்களுக்குள் கிடைக்காவிட்டால், அதே அளவும் அதே இருக்கை அமைப்பும் கொண்ட மாற்று நாற்காலிக்கான முழு விலை 9,200 டாலரைக் கோருகிறேன்.

இதற்கிடையே நீங்கள் தந்த தள்ளு நாற்காலி 46 செ.மீ. அகலம். என் இருக்கை 41 செ.மீ.; பக்கத் தாங்கல்களும் சாய்க்கும் வசதியும் உடையது. தண்டுவடக் காயம் உள்ளவருக்கு இந்த வேறுபாடு சில மணி நேரத்திலேயே தோல் சிவந்து அழுத்தப்புண்ணாகக் கூடிய ஆபத்து. ஆகவே மார்ச் 4 முதல் பொருத்தமான மின்சக்கர நாற்காலியை வாடகைக்கு எடுத்துள்ளேன்: நாளொன்றுக்கு 40 டாலர். என் நாற்காலி ஓடும் நிலையில் திரும்பும் நாள்வரை இதையும் நீங்கள் ஏற்க வேண்டும்.

சரக்கறை ஏற்றல் பதிவு, தரைப்பணி ஊழியர் அறிக்கை, இரு நிலையங்களின் கண்காணிப்புக் கேமரா பதிவு ஆகியவற்றை அழிக்காமல் பாதுகாத்து, நகல் தாருங்கள். கேமரா பதிவுகள் விரைவில் மேலெழுதப்படும் என்பதால் இது உடனே செய்ய வேண்டிய வேலை.

அடுத்து, மன்னிப்பு. "அசௌகரியத்துக்கு வருந்துகிறோம்" என்ற அச்சு வாசகம் ஏற்கனவே மின்னஞ்சலில் வந்துவிட்டது. நான் கேட்பது அதுவல்ல. பொறுப்பான அதிகாரி கையெழுத்திட்ட கடிதத்தில் நாற்காலி எங்கே, எப்படிக் கையாளப்பட்டது, அட்டையிலிருந்த அறிவுறுத்தல் ஏன் பின்பற்றப்படவில்லை, அந்த நிலையத்தில் இனி என்ன மாற்றம் என்பவை இருக்க வேண்டும்.

மார்ச் 20க்குள் எழுத்தில் பதில் தேவை. பயண வவுச்சரையோ மைல் புள்ளிகளையோ இழப்பீடாக ஏற்கமாட்டேன். பழுது நீங்கி, சமதளத்திலும் சரிவிலும் ஓட்டிப் பார்த்துத் தொழில்நுட்பர் சான்றளிக்கும் முன்பு "முழுத் தீர்வு" என்ற எந்தப் படிவத்திலும் கையெழுத்திட மாட்டேன். பதில் வராவிட்டால் விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பிடம் முறையிடுவேன். 35ஆம் பிரிவு தரும் இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்கும் தொடர்வேன்.

சேதமடைந்த பாகங்கள் எதையும் கழற்றவில்லை. உங்கள் மதிப்பீட்டாளர் மார்ச் 13 வரை எந்த நாளிலும், 24 மணி நேர முன்னறிவிப்புடன், சர்வீஸ் மையத்தில் வந்து பார்க்கலாம். அதன்பின் பழுதுநீக்கும் பணி தொடங்கும்.

இப்படிக்கு,
8டி இருக்கைப் பயணி (கையொப்பம் இணைப்பு 1இல்)

இணைப்புகள்: 7