இரைச்சலை அழிக்கும் ஹெட்ஃபோன்: தமிழ்க் குரல் ஸ்கிரிப்ட்

குரல் கொடுப்பவருக்கு: படம் எடிட் முடிந்துவிட்டது, நேரம் மாறாது. அடைப்புக்குறிக்குள் உள்ளது வாசிக்க அல்ல.

0:00–0:07 [விமானத்துக்குள், இன்ஜின் இரைச்சல்]
இந்த இரைச்சலைக் கொஞ்சம் கேளுங்கள்.
[0:05, பயணி ஹெட்ஃபோன் மாட்டியதும் சத்தம் அறுகிறது]
எங்கே போச்சு?

0:07–0:20 [நீல அலை]
ஒலி என்பது காற்றின் அழுத்தத்தில் ஏற்படும் மாற்றம். திரையில் மேடு வந்தால் அழுத்தம் கூடுதல். பள்ளம் வந்தால் குறைவு.
[ஆங்கில மூல ஸ்கிரிப்டில் இங்கே மூன்று வாக்கியம் அதிகம். படமே சொல்கிறது, வெட்டிவிட்டேன். நிதானமாக வாசிக்கலாம்.]

0:20–0:44 [ஹெட்ஃபோனின் உள்தோற்றம்]
வெளிப்பக்கம் ஒரு குட்டி மைக் இருக்கிறது. அதில் விழும் சத்தத்துக்கு நேர் எதிரான அலையை உள்ளே இருக்கும் சிப் உருவாக்குகிறது.
[0:32, சிவப்பு அலை. அம்புக்குறி விழும்போது மட்டும் பேசவும்]
மேடு இருந்த இடத்தில் பள்ளம். பள்ளம் இருந்த இடத்தில் மேடு.
இரண்டும் சேர்ந்தால்…
[அலை தட்டையாகும்வரை மௌனம். அவசரம் வேண்டாம்]
அமைதி.

0:44–1:08 [அழும் குழந்தை]
அப்படியென்றால், பக்கத்து சீட்டுக் குழந்தையின் அழுகை மட்டும் ஏன் கேட்கிறது?
இன்ஜின் சத்தம் தாழ்ந்த சுருதி, ஒரே சீரானது. அதைத் துரத்திப் பிடிப்பது சிப்புக்கு எளிது. அழுகையின் சுருதி உச்சம், அலைகள் நெருக்கமானவை. எதிரலை இம்மி பிசகினாலும் கணக்கு தப்பிவிடும். அந்தச் சத்தத்தைப் பெரும்பாலும் தடுப்பது, காதைச் சுற்றி அழுந்தும் மெத்தைதான்.
[“மெத்தைதான்” 1:07-க்குள் முடியவேண்டும், 1:08-ல் திரை கறுப்பு.]